பிபி கருவிக்கு விற்பனைக் குறிப்பு எழுதுவது எப்படி: கஃப் அளவு, துல்லியம், மருத்துவச் சொற்கள்

மருத்துவக் கருவிகள் விற்கும் இணையக் கடை ஒன்றில் குறிப்பு எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பிபி கருவிக்கு “கஃப்: 22–42 செ.மீ.” என்று எழுதினேன். மேல்கையில் சுற்றிக் கட்டும் பட்டைதான் கஃப், அது பொருந்தும் கை சுற்றளவைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. பெட்டியின் பக்கவாட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. சில நாட்களில் மூன்று பேர் அதே கருவியைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: காற்று ஏற ஏற கஃப் பிரிந்துகொள்கிறது, திரையில் பிழைக் குறி வருகிறது. கருவி பழுது என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த கஃப் மீது 22–32 செ.மீ. என்று இருந்தது. 42 வரை போக வேண்டுமானால் பெரிய கஃப் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். அது பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் சொல்லப்பட்டிருந்தது. பழுது கருவியில் இல்லை, நான் எழுதிய வரியில் இருந்தது.

பிரிந்துகொண்ட கஃப் ஒரு வகையில் நல்லது, ஏதோ தவறு என்று காட்டிவிட்டது. பிரியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தவறான எண்ணைக் காட்டும் கஃப்தான் ஆபத்து. அந்த எண்ணை நம்பி ஒருவர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ போகலாம். அதனால் பிபி கருவிக்குக் குறிப்பு எழுதும்போது நான் இப்போது பின்பற்றும் வரிசையை இங்கே எழுதுகிறேன். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மணிக்கட்டில் கட்டும் வகைக்கு வேறு தொல்லைகள் உண்டு, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

படி 1: பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்

பழைய குறிப்பையோ, பெட்டியின் படத்தையோ, இன்னொரு கடையின் பக்கத்தையோ பார்த்து எழுதாதீர்கள். கருவி, கஃப், கையேடு, ஒரு இஞ்ச் டேப் நான்கும் மேசையில் இருக்கட்டும்.

முதலில் கருவியைத் திருப்பி, அடிப்பக்க லேபிளில் உள்ள மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு எழுத்து கூடினாலோ குறைந்தாலோ அது வேறு மாடல். அப்புறம் கஃப் மீது அச்சாகியிருக்கும் செ.மீ. அளவு. பிறகு கையேட்டில் இரண்டு பக்கங்கள்: தொழில்நுட்ப விவரங்கள் உள்ள பக்கம், எச்சரிக்கைகள் உள்ள பக்கம். கையேட்டின் மற்ற பக்கங்களை ஒரு புரட்டுப் புரட்டினால் போதும், இந்த இரண்டையும் வரி விடாமல் படிக்க வேண்டும்.

பெட்டி ஒன்று சொல்லி, கஃப் வேறொன்று சொன்னால் கஃப் சொல்வதை எழுதுங்கள். கையேடும் கஃபும் முரண்பட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தயாரிப்பாளரைக் கேளுங்கள். நடுவாக ஒரு எண்ணை நீங்களே போட்டுவிடாதீர்கள்.

படி 2: கஃப் அளவை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான குறிப்புகளில் நினைவகம், ப்ளூடூத், பெரிய திரை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கஃப் வருகிறது. நான் அதை முதல் மூன்று வரிகளுக்குள் கொண்டுவந்துவிடுவேன். கை சுற்றளவுக்கு கஃப் பொருந்தவில்லை என்றால் மற்ற வசதி எதுவும் அந்த வாங்குபவருக்குப் பயன்படாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கஃபுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியே தெரிவது துணி. உள்ளே காற்று நிரம்பும் ஒரு பை இருக்கிறது. அந்தப் பைதான் கையை அழுத்தி, உள்ளே ஓடும் தமனியை மூடுகிறது. பையின் நீளம் கை சுற்றளவில் 75 முதல் 100 சதவீதமும், அகலம் 37 முதல் 50 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது சோதனைத் தரநிலைகள் சொல்லும் கணக்கு. கைக்குப் பை சிறிதாக இருந்தால் அழுத்தம் தமனி வரை சரியாகப் போய்ச் சேராது. தமனியை மூட உண்மையில் தேவைப்படுவதைவிட அதிகக் காற்று ஏற வேண்டியிருக்கும். கருவி அந்த அதிகப்படி அழுத்தத்தையும் இரத்த அழுத்தம் என்று எண்ணிக்கொண்டு கூடுதல் எண்ணைக் காட்டும். பை மிகப் பெரிதாக இருந்தால் நேர் எதிராக, எண் குறைந்து வரும்.

இது எவ்வளவு போகும் என்று அமெரிக்காவில் 195 பெரியவர்களிடம் அளந்து பார்த்து, 2023இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பெரிய கஃப் தேவைப்படுபவர்களுக்குச் சாதாரண கஃப் கட்டியபோது, சிஸ்டாலிக் எனும் மேல் எண் சராசரியாக 5 மி.மீ. பாதரசம் அளவுக்குக் கூடியது. அதைவிடவும் பெரிய கஃப் தேவைப்படுபவர்களுக்குச் சாதாரண கஃப் கட்டியபோது கிட்டத்தட்ட 20 மி.மீ. கூடியது. சிறிய கஃப் தேவைப்படுபவர்களுக்கு 3–4 மி.மீ. குறைந்தது. கூடுதலாக 20 என்றால், 125 இருக்கும் ஒருவர் 145 என்று பார்ப்பார். இனி மாடல் விவரத்தில் துல்லியம் என்று வரும் “±3 மி.மீ.” என்ற வரியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கஃப் தவறினால் அந்த மூன்றுக்கு அர்த்தமே இல்லை.

குறிப்பில் எழுத வேண்டியவை மூன்று. பெட்டிக்குள் வரும் கஃப் எத்தனை செ.மீ. முதல் எத்தனை வரை, அந்தக் கருவிக்கு வேறு எந்தெந்த கஃப் தனியாகக் கிடைக்கும், வாங்குபவர் தன் கையை எப்படி அளப்பது. “எம்”, “எல்”, “பெரியது”, “எல்லோருக்கும் பொருந்தும்” என்ற சொற்களை மட்டும் போட்டு விடாதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் “எல்” 32–42 ஆக இருக்கும், இன்னொருவரின் “எல்” 22–42 ஆக இருக்கும். சட்டை அளவு போல எல்லா இடத்திலும் ஒன்று என்று வாங்குபவர் நினைத்துக்கொள்வார்.

அளக்கும் முறையை நான் இப்படி எழுதுவேன்: “சட்டைக் கையை விலக்கிவிட்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தோள்பட்டையின் நுனி எலும்புக்கும் முழங்கையின் நுனி எலும்புக்கும் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, தோல் அமுங்காமல் அளவைப் படியுங்கள்.” வாங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, முஷ்டியை மடக்கித் தசையைப் புடைக்கவைத்து அளப்பது. இன்னொன்று, டேப்பை இறுக்கி இழுப்பது. “தளர்வாக”, “அமுங்காமல்” என்ற இரண்டு சொற்கள் அதற்காகத்தான்.

எல்லையில் நிற்கும் கைகளைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். 32 செ.மீ. கை, 22–32 கஃபிலும் வரும், 32–42 கஃபிலும் வரும். இதற்குத் தீர்ப்பு சொல்லும் குறி கஃபிலேயே இருக்கிறது. கஃபின் ஓரத்தில் ஒரு கோடோ அம்போ இருக்கும். உட்புறத்தில் நீளமாக ஒரு எல்லைப் பட்டை அச்சாகியிருக்கும். கட்டி முடித்ததும் அந்தக் கோடு எல்லைப் பட்டைக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால், ஒட்டும் பட்டை எவ்வளவு உறுதியாக ஒட்டினாலும் அந்த கஃப் அந்தக் கைக்கு உரியதில்லை. குறிப்போடு போடும் படங்களில் ஒன்று இந்தக் குறியை நெருக்கமாகக் காட்டும் படமாக இருக்கட்டும். விளம்பரப் பெண் புன்னகைக்கும் படத்தைவிட இது திருப்பி அனுப்புவதைக் குறைக்கும்.

மேலே பருத்து முழங்கை நோக்கிச் சட்டென்று குறுகும் கைகளுக்கு நேரான கஃப் கீழ்ப்பக்கம் தொளதொளவென்று நிற்கும். அளவு சரியாக இருந்தும் ரீடிங் ஏறி இறங்கினால் இதுவும் காரணமாக இருக்கலாம். கூம்பு வடிவ கஃப் அந்தக் கருவிக்கு உண்டு என்றால் அதைச் சொல்லுங்கள்.

படி 3: துல்லியத்தில் இரண்டு எண்கள் உண்டு, இரண்டையும் கலக்காதீர்கள்

கையேட்டின் விவரப் பக்கத்தில் “துல்லியம்: அழுத்தம் ±3 மி.மீ. பாதரசம், நாடி ரீடிங்கில் ±5 சதவீதம்” என்பது போல ஒரு வரி இருக்கும். இதை அப்படியே எடுத்து “உங்கள் இரத்த அழுத்தத்தை ±3க்குள் காட்டும்” என்று எழுதுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அந்த ±3 எதைச் சொல்கிறது? கருவிக்குள் காற்றின் அழுத்தத்தை உணரும் ஒரு சென்சார் இருக்கிறது. கருவியைக் கைக்குப் பதிலாக அசையாத ஓர் உருளையோடும், நம்பகமான அழுத்தமானியோடும் இணைத்து, 50, 100, 200 என்று காற்றை ஏற்றி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பார்கள். வித்தியாசம் 3க்குள் இருந்தால் அந்த வரியை எழுதலாம். இதில் மனிதக் கை எங்குமே வரவில்லை. எடை போடும் தராசில் கல்லை வைத்துச் சரிபார்ப்பது போன்ற சோதனை இது.

ஆனால் தானியங்கிக் கருவி உங்கள் இரத்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. கஃபில் காற்று ஏறும்போதோ இறங்கும்போதோ தமனியின் துடிப்பு கஃபுக்குள் சிறு அதிர்வுகளை உண்டாக்கும். அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தத்தை ஒட்டி இருக்கும். அந்த அதிர்வுகளின் வடிவத்திலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கருவி கணக்குப் போட்டு ஊகிக்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு, பெரும்பாலும் ரகசியம். சென்சார் சரியாக இருந்தும் கணக்கு சறுக்கலாம்.

கணக்கு சரிதானா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. ஐஎஸ்ஓ 81060-2 என்ற தரநிலையின்படி குறைந்தது 85 பேரிடம் கருவி காட்டும் எண்ணையும், பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு எடுக்கும் எண்ணையும் ஒப்பிடுவார்கள். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ளும், திட்ட விலக்கம் எனப்படும் சிதறல் 8 மி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனை. இந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை எளிதாகச் சொன்னால், கருவியின் ரீடிங்குகளில் 85 சதவீதமாவது 10 மி.மீ. வித்தியாசத்துக்குள் விழ வேண்டும். அப்படியென்றால் தேர்வில் தேறிய கருவியிலும் சில ரீடிங்குகள் பத்துக்கு மேல் விலகக்கூடும். குறைபாடு என்று இதை எண்ண வேண்டாம், இந்த அளவீட்டு முறையின் இயல்பே இது. பல நாள் ரீடிங்குகளை எழுதிக் காட்டும்படி மருத்துவர்கள் கேட்பது இதனாலும்தான்.

எனவே குறிப்பில் இரண்டையும் தனித்தனி வரியாக, எது எது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “கஃபுக்குள் உள்ள காற்றழுத்தத்தை உணரும் துல்லியம்: ±3 மி.மீ. பாதரசம்” என்பது ஒன்று. “மனிதர்களிடம் செய்த மருத்துவச் சரிபார்ப்பு” என்பது இன்னொன்று. “100% துல்லியம்”, “மருத்துவமனைத் துல்லியம்” இரண்டுக்கும் இங்கே இடம் இல்லை. முதலாவது நடக்காத காரியம். இரண்டாவது எதையும் அளக்காத சொல்.

படி 4: “சரிபார்க்கப்பட்டது” என்று எழுதும் முன்

இந்தச் சொல்லை எழுத மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

எந்த மாடல்? சோதனை செய்தது அண்ணன் மாடலாக இருக்கலாம், நீங்கள் விற்பது தம்பியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் அளவீட்டுப் பகுதி ஒன்றே என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தந்து, சரிபார்ப்புப் பட்டியலில் அந்த மாடலும் இணையானது என்று ஏறியிருந்தால் எழுதலாம். சரிபார்க்கப்பட்ட கருவிகளின் பட்டியலை வெளியிடும் சுயேச்சையான அமைப்புகள் உள்ளன. ஸ்ட்ரைட் பிபி அவற்றில் ஒன்று, உயர் இரத்த அழுத்தம் சார்ந்த பன்னாட்டு மருத்துவச் சங்கங்களின் துணையோடு நடப்பது. லேபிளில் குறித்துக்கொண்ட மாடல் எண்ணை அங்கே தேடிப் பாருங்கள். ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் கேட்டுத் தெளிந்த பிறகே எழுதுங்கள்.

எந்த கஃபோடு? சோதனை 22–32 கஃபில் மட்டும் நடந்திருந்தால், தனியாக விற்கும் 32–42 கஃபுக்கு அந்தச் சரிபார்ப்பு தானாக நீளாது.

யாரிடம்? பொதுவான சோதனை பெரியவர்களிடம் நடப்பது. கர்ப்பிணிகள், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 42 செ.மீ.க்கு மேல் கை சுற்றளவு உள்ளவர்கள், ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு உள்ளவர்கள் ஆகியோரைச் சிறப்புப் பிரிவினராகக் கொண்டு தனியாகச் சோதிக்க வேண்டும். “குடும்பத்தில் எல்லோருக்கும்” என்ற ஒரு சொற்றொடர் இவர்கள் அத்தனை பேரையும் உள்ளே இழுத்துவிடுகிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் இது விளையாட்டில்லை. கர்ப்பகால இரத்த அழுத்தத்தைச் சில கருவிகள் குறைத்துக் காட்டுவது தெரிந்த விஷயம். குறைத்துக் காட்டினால் ஆபத்து கண்ணில் படாமல் போகும்.

பதிவு, முத்திரை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனம் கட்டுப்பாட்டு அமைப்பில் தன் பெயரைப் பதிவு செய்திருப்பது வேறு, அந்த அமைப்பு அந்தக் கருவியை விற்க அனுமதித்திருப்பது வேறு, கருவியின் துல்லியம் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருப்பது வேறு. ஐரோப்பியச் சந்தையில் விற்பதற்கான சிஇ குறி இருக்கிறது என்றால் “சிஇ குறி உள்ளது” என்று மட்டும் எழுதுங்கள். அதிலிருந்து “துல்லியம் நிரூபணமானது” என்று ஒரு தாவு தாவாதீர்கள்.

ஆவணம் கையில் இல்லை என்றால் சரிபார்ப்பு பற்றி எதுவும் எழுத வேண்டாம். மௌனமாக விட்ட வரியை யாரும் வழக்குக்கு இழுப்பதில்லை.

படி 5: வினைச்சொற்களைச் சரிபாருங்கள்

மருத்துவப் பயன்பாடு பற்றிய பிழைகள் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் ஒளிந்திருக்கும். எழுதி முடித்ததும் வினைகளை மட்டும் ஒரு முறை வட்டமிட்டுப் பாருங்கள். பிபி கருவி அளக்கும், காட்டும், சேமிக்கும், ஒலி எழுப்பும், அனுப்பும். இவை எல்லாம் அது உண்மையில் செய்பவை. கண்டறியும், எச்சரித்துக் காப்பாற்றும், கட்டுப்படுத்தும், தடுக்கும், குணமாக்கும் என்று வந்தால் அது கருவியின் வேலை இல்லை. “இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க உதவும்” என்பது அப்பாவி போலத் தெரியும், ஆனால் அளப்பதால் அழுத்தம் குறைவதில்லை. “வீட்டில் எடுத்த ரீடிங்குகளைப் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம்” என்றால் உண்மையும் மிஞ்சும், பயனும் தெரியும்.

வசதிகளில் இரண்டு இடம் வழுக்கும்.

ஒன்று, சீரற்ற துடிப்புக் குறி. அளக்கும்போது துடிப்புகளின் இடைவெளி மாறுபட்டால் திரையில் ஓர் இதயக் குறி மின்னும். கை அசைந்தாலும், அளக்கும்போது பேசினாலும்கூட அது வரலாம். “இதய நோயைக் கண்டறியும்” என்று எழுதினால் ஒருவரை வீணாகப் பயமுறுத்துவீர்கள். அதைவிட மோசம், குறி வரவில்லை என்று இன்னொருவர் நிம்மதியாக இருந்துவிடுவார். “அளவீட்டின்போது துடிப்பு சீராக இல்லை என்று கருவி உணர்ந்தால் குறி காட்டும். இது நோயைக் கண்டறிவதல்ல. குறி அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள்” என்பது போதும்.

இரண்டு, வண்ணப் பட்டை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரையோரம் விளக்கு எரியும். எந்த எண்ணில் நிறம் மாறுகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். காரணம், மருத்துவ வழிகாட்டுதல்களே ஒன்றுபோல் இல்லை. வீட்டு அளவீட்டில் 135/85ஐ எல்லையாகக் கொள்பவை உண்டு, 130/80ஐக் கொள்பவையும் உண்டு. அதனால் “பச்சை என்றால் ஆரோக்கியம்” என்று எழுதாமல், கையேட்டில் உள்ள எல்லை எண்ணை எடுத்து, “135/85க்கு மேல் போனால் பட்டை நிறம் மாறும்” என்று அப்படியே எழுதுங்கள். யாருக்கு எது இலக்கு என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

எச்சரிக்கைப் பக்கத்தில் இருப்பதை ஒரு சிறு பத்தியாகக் குறிப்புக்குக் கொண்டுவாருங்கள். வழக்கமாக அங்கே இருப்பவை: டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா எனும் இரத்தக்குழாய் இணைப்பு வைத்த கையிலும், மார்பக அறுவை சிகிச்சையோடு நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையிலும் மருத்துவரைக் கேட்காமல் கஃப் கட்டக் கூடாது, சொட்டு மருந்து ஏறும் கையில் கட்டக் கூடாது, ரீடிங்கைப் பார்த்துத் தானாக மருந்தை மாற்றக் கூடாது. தலைப்பில் “நோய் கண்டறியும்” என்று போட்டுவிட்டு அடியில் “இது மருத்துவ ஆலோசனை அல்ல” என்று எழுதினால் மேலே சொன்னது அழிந்துவிடாது. தலைப்பையே திருத்துங்கள்.

படி 6: ஒரு குறிப்பை முழுதாக எழுதிப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவிலிருந்து வந்த வரைவு இது:

“மருத்துவர்கள் பரிந்துரைக்கும் 100% துல்லியமான டிஜிட்டல் பிபி மெஷின். குடும்பத்தில் எல்லோருக்கும் ஏற்ற பெரிய கஃப். மாரடைப்பு அபாயத்தை முன்கூட்டியே கண்டறியும். இனி மருத்துவமனை அலைச்சல் இல்லை!”

பெட்டியைத் திறந்து பார்த்தால் கிடைப்பவை: கஃப் மீது 22–32 செ.மீ. கையேட்டில் அழுத்தம் ±3 மி.மீ., நாடி ±5 சதவீதம். பெரியவர்களுக்கு மட்டும். 32–42 கஃப் தனியாகக் கிடைக்கும். இருவருக்குத் தலா 90 ரீடிங் நினைவகம். சீரற்ற துடிப்புக் குறி உண்டு. சரிபார்ப்பு ஆவணம் 22–32 கஃபுக்கு மட்டும் இருக்கிறது, மாடல் எண்ணும் பொருந்துகிறது.

நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. எந்த மருத்துவர், எங்கே பரிந்துரைத்தார் என்பதற்குத் தாள் இல்லை. கஃப் பெரியதும் இல்லை, எல்லோருக்கும் ஏற்றதும் இல்லை. மாரடைப்பைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது. கடைசி வாக்கியம் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தச் சொல்கிறது, இருப்பதிலேயே மோசம் அதுதான். திருத்திய வடிவம்:

“மேல்கையில் கட்டும் தானியங்கி இரத்த அழுத்தமானி. பெரியவர்கள் வீட்டில் அளப்பதற்கு. உடன் வரும் கஃப் 22–32 செ.மீ. கை சுற்றளவுக்கு. வாங்கும் முன் உங்கள் கையை அளந்து பாருங்கள், முறை கீழே உள்ளது. 32 செ.மீ.க்கு மேல் என்றால் 32–42 செ.மீ. கஃபைத் தனியாக வாங்க வேண்டும்.

மேல் எண், கீழ் எண், நாடித் துடிப்பு மூன்றையும் காட்டும். இருவருக்குத் தலா 90 ரீடிங் வரை சேமிக்கும், மருத்துவரிடம் காட்ட உதவும்.

கஃபுக்குள் உள்ள அழுத்தத்தை உணரும் துல்லியம் ±3 மி.மீ. பாதரசம். நாடித் துடிப்பு ±5 சதவீதம். இந்த மாடல் 22–32 செ.மீ. கஃபுடன் ஐஎஸ்ஓ 81060-2 தரநிலைப்படி பெரியவர்களிடம் சரிபார்க்கப்பட்டது. கை வைக்கும் நிலை, ஓய்வு, கஃப் பொருத்தம் ஆகியவற்றால் ரீடிங் மாறும்.

கர்ப்பிணிகளும், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் பயன்படுத்தும் முன் மருத்துவரைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. இந்தக் கருவி நோயைக் கண்டறியாது. ரீடிங்கைப் பார்த்து மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள்.”

விற்பனைப் பிரிவுக்கு இது சப்பென்று தெரியலாம். ஆனால் 35 செ.மீ. கை உள்ளவர் இதைப் படித்தால் முதல் முறையே சரியான கஃபையும் சேர்த்து வாங்குவார். கடைக்கு அது கூடுதல் விற்பனைதானே.

இதன் கீழே அளக்கும் முறையை நாலைந்து வரியில் போடலாம்: அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம், 5 நிமிடம் முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி உட்கார வேண்டும், கஃப் வெறும் கையில் இதய உயரத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். இதய உயரம் என்பது சும்மா சொல்வதில்லை. கை 10 செ.மீ. கீழே தொங்கினால் இரத்தத்தின் எடையாலேயே ஏறத்தாழ 7–8 மி.மீ. கூடிவிடும். “கருவி தவறாகக் காட்டுகிறது” என்று வரும் புகார்களில் பல, மடியில் கை வைத்து அளந்தவை.

படி 7: கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதும் இதே கவனம்

குறிப்பைப் பத்திரமாக எழுதிவிட்டு, கீழே கேள்விப் பகுதியில் கோட்டை விடுபவர்கள் உண்டு. “அம்மாவுக்கு 158/94 காட்டுகிறது, மாத்திரையைக் கூட்டலாமா?” என்று ஒருவர் கேட்பார். உதவும் ஆசையில் “கொஞ்சம் அதிகம்தான், உப்பைக் குறையுங்கள்” என்று தட்டிவிடத் தோன்றும். அந்த நொடியில் கடை மருத்துவராகிவிடுகிறது. நான் எழுதும் பதில் இப்படி இருக்கும்: “மருந்து பற்றி எங்களால் சொல்ல முடியாது. அதை அம்மாவின் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், இந்த ரீடிங்கை இன்றே அவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் போன்றவை இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க, அம்மாவின் கை சுற்றளவையும் கஃப் மீதுள்ள அளவையும் எங்களுக்கு எழுதுங்கள்.” கருவி பற்றிய பாதி நம்முடையது, உடல் பற்றிய பாதி மருத்துவருடையது.

“கிளினிக்கில் 138 வந்தது, உங்கள் மெஷின் 129 காட்டுகிறது, பழுதா?” என்ற கேள்வியும் தவறாமல் வரும். மருத்துவரைப் பார்க்கும் பதற்றத்திலேயே சிலருக்கு அங்கே எண் கூடும், நேரம் மாறினாலும் மாறும். இரண்டு இடத்து எண்ணை வைத்துக் கருவியைத் தீர்மானிக்க முடியாது. அடுத்த முறை போகும்போது தன் கருவியையும் கொண்டுபோய், அதே கையில், சில நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒரே பக்கமாகப் பெரிய வித்தியாசம் நின்றால் கருவியை வாங்கிச் சோதிப்பது நம் வேலை.

கடைசியாக ஒரு வேலை, எழுதுபவர்கள் மறந்துவிடுவது. புதுச் சரக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டியைத் திறந்து கஃபைப் பாருங்கள். மாடல் எண் அப்படியே இருக்க, 22–32 கஃபுக்குப் பதிலாக 22–42 கஃப் வைத்து அனுப்புவது நடக்கிறது, மறுபடி பழையதற்குத் திரும்புவதும் நடக்கிறது. கஃப் மாறினால் அளவு வரி மட்டுமல்ல, சரிபார்ப்பு வரியும் மாற வேண்டியிருக்கலாம். நான் ஒவ்வொரு முறையும் கஃப் லேபிளைப் படம் எடுத்து, தேதியோடு அந்தக் குறிப்பின் கோப்பில் போட்டு வைக்கிறேன்.